கட்டத்துக்குள் என்ன எண்? பெற்றோர் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

சுங்கை சிப்புட்டில் ஒரு வீட்டு முன்கூடத்தில் மாலை வகுப்பு நடத்துகிறேன். சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் தாமான்களிலிருந்தும் பாலர் பள்ளி, ஆண்டு 1, ஆண்டு 2 பிள்ளைகள் வருகிறார்கள். சனிக்கிழமைகளில் படிவம் 1 பிள்ளைகளும் உண்டு. ஏழு மணிக்கு மோட்டார் சைக்கிளில் பிள்ளையைக் கூட்டிப்போக வரும் அப்பா, அம்மா, பாட்டி எல்லாரும் வாசலில் நின்று கேட்கும் சந்தேகங்களில் பாதி ஒரே தாளைப் பற்றியவை. எண் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கட்டம் போட்டிருக்கும் தாள் அது.

படிவம் 1இல் சமன்பாடு வந்ததும் தடுமாறும் பிள்ளைகள் பலருக்கு, அந்தத் தடுமாற்றம் இந்தத் தாளிலேயே தொடங்கியிருப்பதைப் பார்க்கிறேன். அதனால்தான் பதில்களை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் சொன்னபடியே விட்டுவிட்டேன்.

"டீச்சர், விடை எழுதத்தானே கட்டம் போடுவாங்க? இதுல நடுவுல போட்டிருக்கே, ஏன்?"

3 + 4 = ☐ என்றால் கட்டம் விடைக்கான இடம்தான். பிள்ளை கூட்டி எழுதிவிடும். அதே கட்டம் 3 + ☐ = 7 என்று நடுவில் வரும்போது வேலை மாறுகிறது. முடிவு முன்கூட்டியே தெரியும், அதற்கு எப்படி வந்தோம் என்பதில் ஒரு துண்டு மட்டும் காணவில்லை. ☐ + 4 = 7 என்று தொடக்கத்தில் வந்தால், எங்கிருந்து கிளம்பினோம் என்பதே தெரியாது.

மூன்றிலும் இருக்கும் எண்கள் 3, 4, 7தான். ஆனால் பிள்ளைக்கு மூன்றும் ஒரே கணக்கு இல்லை. முதலாவது சுலபம், இரண்டாவது கொஞ்சம் கஷ்டம், மூன்றாவதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம். நல்ல தாளில் இவை இந்த வரிசையில்தான் வரும்.

"என் மவளுக்கு கூட்டல் நல்லாத் தெரியும். ஆனா 3 + ☐ = 7க்கு 10னு எழுதுறா. கவனக்குறைவா?"

கவனக்குறைவு இல்லை. அவள் கூட்டல் குறியைப் பார்த்தாள், இரண்டு எண்களைப் பார்த்தாள், கூட்டினாள். 3உம் 7உம் 10. இதுவரை செய்த எல்லாத் தாள்களிலும் அப்படிச் செய்துதான் சரி வாங்கினாள். = என்ற குறி அவளுக்கு "இங்கே விடையைப் போடு" என்று சொல்லும் ஒரு கட்டளை, அவ்வளவுதான்.

நாம் பேசும் விதமும் இதற்குத் துணை போகிறது. "மூணையும் நாலையும் கூட்டினா ஏழு வரும்" என்கிறோம். 'வரும்' என்று சொன்னாலே ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு ஓடுகிற கணக்காகிவிடுகிறது. "மூணும் நாலும் சேர்ந்தது ஏழுக்குச் சமம்" என்று வாய்விட்டுச் சொல்லிப் பழக்குங்கள். தொடக்கத்தில் நாக்குக்கு ஒட்டாது, போகப்போகச் சரியாகிவிடும். 3 + ☐ = 7ஐயும் "மூணோட எதைச் சேர்த்தா ஏழுக்குச் சமமாகும்?" என்று படிக்கச் சொல்லுங்கள். 10 எழுதிய பிள்ளையை முதலில் அழிக்கச் சொல்லாதீர்கள். அந்த 10ஐக் கட்டத்துக்குள் வைத்தே முழுசாகப் படிக்கச் சொல்லுங்கள்: "மூணும் பத்தும் சேர்ந்தது ஏழுக்குச் சமம்." பெரும்பாலான பிள்ளைகள் பாதியிலேயே நிறுத்தி ரப்பரைத் தேடும்.

"எம் பேரன் 5னு எழுதுறான். ஒண்ணுதானே கூட, கிட்டத்தட்ட சரிதானே?"

இது வேறு தவறு. இந்தப் பிள்ளைக்குக் கேள்வி புரிந்துவிட்டது, எண்ணும்போதுதான் வழுக்குகிறது. 3இலிருந்து 7 வரை விரல் விட்டு எண்ணுகிறான்: மூணு, நாலு, அஞ்சு, ஆறு, ஏழு. ஐந்து விரல் மடங்கிவிட்டது. ஏற்கெனவே கையில் இருக்கும் மூன்றாவதையும் புதிதாக வந்ததாகச் சேர்த்துவிட்டான்.

இதற்கு நான் ரப்பர் கொட்டைகளை வைத்துக்கொள்வேன். மூன்று கொட்டையை எடுத்து அவன் இடது கையில் வைத்து மூடச் சொல்வேன். "மூணு கைக்குள்ள இருக்கு. இப்போ ஒண்ணு ஒண்ணா போடு." ஒரு கொட்டை போடும்போது நாலு, அடுத்ததற்கு ஐந்து, ஆறு, ஏழு. போட்டது நான்குதான் என்று தரையைப் பார்த்தாலே தெரியும். அதனால்தான் திருத்துகிறவர் வெறும் பிழைக்குறி போட்டு விட்டுவிடக் கூடாது என்று அடிக்கடி சொல்கிறேன். 10 எழுதிய பிள்ளைக்கும் 5 எழுதிய பிள்ளைக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியது வேறு வேறு.

"7 − 3 போட்டா முடிஞ்சிது. அந்தக் குறுக்குவழியச் சொல்லிக் குடுத்துட்டா என்னா?"

அன்றைய தாளுக்கு முழு மதிப்பெண் வரும். ஆனால் பிள்ளை கற்றுக்கொள்வது "கூட்டல் குறி இருந்தால் கழி, கழித்தல் குறி இருந்தால் கூட்டு" என்ற விதியை மட்டும்தான். அது எங்கே குப்புறத் தள்ளும் என்பதைக் கீழே 9 − ☐ = 4 பற்றிய பதிலில் காட்டியிருக்கிறேன்.

கழித்தால் ஏன் விடை வருகிறது என்பதைப் பிள்ளையே கண்டுபிடிக்க வேண்டும். ஏழு கொட்டைகளை எண்ணிக் காட்டுங்கள். மூன்றை வெளியே விட்டு மீதியை ஒரு பால் மங்கால் மூடுங்கள். தோட்டத்து வீடுகளில் பழைய மங்கு ஒன்றாவது கிடக்கும், இல்லையென்றால் கோப்பை போதும். "மொத்தம் ஏழு. வெளியே மூணு. உள்ளே எத்தனை?" என்று கேளுங்கள். அந்த மங்குதான் கட்டம். பத்து இருபது தடவை மூடித் திறந்த பிறகு ஒரு நாள் பிள்ளை தானாகவே "ஏழுல மூணு போனா நாலு" என்று சொல்லும். அப்போது அதைக் குறுக்குவழி என்று சொல்ல முடியாது. மொத்தத்திலிருந்து தெரிந்த பகுதியை எடுத்தால் தெரியாத பகுதி மிஞ்சும் என்பதை அது பார்த்துவிட்டது.

"☐ + 4 = 9 மாதிரி வந்தா மட்டும் பென்சிலக் கீழ வச்சிட்டு அழுவுறான். ஏன்?"

கையில் எதையும் எடுக்க முடியாததால்தான். 3 + ☐ = 7இல் மூன்று கொட்டையை எடுத்துவிட்டு மேலே போகலாம். இங்கே முதலில் எத்தனை எடுப்பது என்பதே கேள்வி. தொடக்கம் இல்லாத கதையைச் சொல்லச் சொன்னால் பெரியவர்களும் திணறுவோம்.

கதையாகச் சொல்லிப் பாருங்கள். "பஸ்ஸில் கொஞ்சப் பேர் இருந்தாங்க. சிம்பாங்கில் 4 பேர் ஏறினாங்க. இப்போ 9 பேர் இருக்காங்க." சில பிள்ளைகள் ஓர் எண்ணை ஊகித்துப் போட்டுப் பார்ப்பார்கள்: மூணு பேர்னா ஏழுதான் ஆகும், பத்தாது, அஞ்சு பேர்னா ஒன்பது. இப்படிப் போட்டுப் பார்ப்பதைத் தடுக்காதீர்கள். தெரியாத எண்ணுக்கு ஒரு மதிப்பை வைத்து இரண்டு பக்கமும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதைத்தான் படிவம் 1 பிள்ளை தன் விடையைச் சரிபார்க்கச் செய்ய வேண்டும். வேறு சில பிள்ளைகள் "ஏறின நாலு பேரையும் இறக்கிட்டா" என்று பின்னோக்கிப் போவார்கள். அதுவும் சரி. எந்த வழியில் போகிறது என்பதைப் பிள்ளையிடமே விட்டுவிடுங்கள்.

"7 = 3 + ☐ன்னு இருக்கு. அச்சுப்பிழைதானே? திருப்பிப் போட்டுட்டாங்களோ?"

பிழை இல்லை. தாளிலேயே எனக்கு மிகவும் பிடித்த வரி அது. விடை எப்போதும் வலது பக்கம்தான் இருக்கும் என்ற பழக்கத்தை உடைக்கவே அப்படிப் போடுகிறார்கள்.

= என்ற குறியை 1557இல் வேல்சு நாட்டைச் சேர்ந்த ராபர்ட் ரெக்கார்ட் என்பவர் புத்தகத்தில் போட்டார். ஒரே நீளமுள்ள இரண்டு இணைகோடுகளை அவர் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அவற்றைவிடச் சமமான இரண்டு பொருள்கள் இருக்க முடியாது என்பதுதான். மேல் கோடும் கீழ் கோடும் ஒன்றுதான், எந்தக் கோட்டுக்கும் முன்பின் கிடையாது. குறிக்கு இரண்டு பக்கமும் அப்படியே.

உங்கள் பிள்ளையிடம் ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். 7 = 7 என்று எழுதி "இது சரியா தப்பா?" என்று கேளுங்கள். என் வகுப்பில் ஆண்டு 1 பிள்ளைகளில் பலர் "தப்பு, கணக்கே போடலையே" என்பார்கள். அப்படிச் சொன்னால் கட்டத் தாளை அன்றைக்கு மூடிவிட்டு இந்த வகை வரிகளைக் கொடுங்கள்: 5 + 2 = 2 + 5, 7 = 5 + 2, 6 + 1 = 4 + 2. கடைசியில் இருப்பது தப்பு. ஏன் தப்பு என்று பிள்ளை வாயாலேயே வர வேண்டும்.

"8 + 4 = ☐ + 5. பன்னெண்டுதானே டீச்சர்? எனக்கே அப்படித்தான் தோணுது."

உங்களுக்கு மட்டும் இல்லை. அமெரிக்காவில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இதே கணக்கைக் கொடுத்துப் பார்த்ததை 1999இல் வெளியிட்டார்கள். 145 பிள்ளைகளும் 12 அல்லது 17 என்றே எழுதியிருந்தார்கள். ஒருவர்கூட 7 எழுதவில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்குக் கூட்டல் தெரியாமல் இருக்குமா? அவர்களுக்குத் தெரியாதது அந்தக் குறிதான்.

போன மாதம் ஒரு ஆண்டு 2 பிள்ளை இந்த வரியைச் செய்த தாள் என்னிடம் இருக்கிறது. கட்டத்தில் 12 என்று எழுதிவிட்டு, மீந்திருந்த + 5ஐ என்ன செய்வது என்று தெரியாமல் வரியின் கடைசியில் தானாகவே ஒரு = 17 சேர்த்திருந்தாள். 8 + 4 = 12 + 5 = 17. ஓடிக்கொண்டே போகும் இந்த எழுத்து பெரியவர்கள் கடையில் மனக்கணக்குப் போடுகிற மாதிரிதான் இருக்கும். ஆனால் 8 + 4உம் 12 + 5உம் சமம் இல்லை. நடுவில் ஒரு பொய் உட்கார்ந்திருக்கிறது.

அவளிடம் நான் தவறு என்று சொல்லவில்லை. முதல் = குறிக்கு மேலிருந்து கீழாக ஒரு நீளமான கோடு போட்டு, கடைசியில் அவள் சேர்த்த = 17ஐ விட்டுவிட்டு, இடது பக்கத்தை ஒரு கையால் மறைத்தேன். "வலது பக்கம் மட்டும் எத்தனை?" பதினேழு என்றாள். அந்தக் கையை வலது பக்கத்துக்கு மாற்றினேன். "இந்தப் பக்கம்?" பன்னிரண்டு. கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் 12ஐ அழித்துவிட்டு, ஐந்தோடு எதைச் சேர்த்தால் பன்னிரண்டு என்று விரலில் எண்ணி 7 எழுதினாள். அடுத்த வாரம் 9 + 6 = ☐ + 7 கொடுத்தபோது கூட்டவே இல்லை. "ஆறு ஏழாயிடுச்சு, ஒண்ணு கூடிருச்சு. அப்போ ஒன்பதுல ஒண்ணு குறையணும். எட்டு." இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கும் இந்தக் கண்தான் பின்னால் சமன்பாட்டைப் பார்க்கும். இந்தக் கணக்கு வகை மட்டும் தாளில் இல்லை என்றால் நீங்களே பின்பக்கத்தில் நான்கு எழுதிக் கொடுங்கள்.

"சமம்னா தராசு மாதிரின்னு சொல்றீங்க. வீட்ல தராசு இல்ல. எப்படிக் காட்டுறது?"

பாட்டி வீட்டில் இருந்தால் முதலில் அவரைக் கேளுங்கள். காண்டா வாளியில் பால் சுமந்தவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒரு வாளியில் கூடினால் கம்பு சாயும். தோளை நடுவில் வைத்து நடக்க வேண்டுமானால் இரண்டு வாளியிலும் ஒரே அளவு இருக்க வேண்டும். என் வகுப்புக்கு வரும் ஒரு பாட்டி துடைப்பக் கட்டையைத் தோளில் வைத்து நடந்து காட்டினார். = குறியைப் பற்றி அதைவிடத் தெளிவாக நான் சொன்னதில்லை.

செய்து பார்க்க வேண்டுமானால், துணி மாட்டும் ஹேங்கர் ஒன்றை ஆணியில் தொங்கவிட்டு, இரண்டு முனையிலும் ஒரே அளவு பிளாஸ்டிக் பை கட்டுங்கள். உள்ளே போட 20 சென் காசுகள் நல்லவை. ரப்பர் கொட்டை ஒன்றுக்கொன்று எடை ஒத்துப்போகாது, அதனால் ஹேங்கருக்கு அது வேண்டாம். காசிலும் 2012இல் வந்த புதிய காசையும் அதற்கு முந்திய பழைய காசையும் கலக்காதீர்கள், எடை வேறு. 8 + 4 = ☐ + 5க்கு இடது பையில் 12 காசு, வலது பையில் 5 காசு. ஹேங்கர் நேராகும்வரை வலது பையில் ஒவ்வொன்றாகப் போட்டு எண்ணச் சொல்லுங்கள். 24 காசு, அதாவது 4 வெள்ளி 80 சென் இருந்தால் போதும்.

ஒன்று மட்டும்: கழித்தல் கணக்கை ஹேங்கரில் காட்ட முயலாதீர்கள். பையிலிருந்து "தெரியாத அளவு எடுத்துவிட்டோம்" என்பதைக் கண்ணால் பார்க்க முடியாது, பிள்ளை குழம்பிவிடும். அதற்கு அடுத்த பதிலில் உள்ள படம் உதவும்.

"கழித்தல் குறி இருந்தா கூட்டுன்னு சொல்லிக் குடுத்தேன். ☐ − 4 = 5க்கு சரியா வந்துச்சு, 9 − ☐ = 4க்கு 13ன்னு எழுதுறா. என்னா பண்றது?"

மேலே குறுக்குவழி பற்றிச் சொன்னது இதுதான். ☐ − 4 = 5இல் காணாமல் போனது மொத்தம். எடுத்த நான்கையும் மிஞ்சிய ஐந்தையும் சேர்த்தால் மொத்தம் 9 கிடைக்கும். 9 − ☐ = 4இல் மொத்தம் கண் எதிரிலேயே இருக்கிறது; காணாமல் போனது எடுத்த பகுதி. குறி ஒன்றுதான், ஆனால் ஒன்றுக்குக் கூட்ட வேண்டும், மற்றதற்குக் கழிக்க வேண்டும். குறியை மட்டும் பார்க்கும் விதிக்கு இந்த வேறுபாடு தெரியாது.

நான் மூன்று வட்டம் போடச் சொல்வேன். மேலே ஒரு பெரிய வட்டம், அது மொத்தம். கீழே இரண்டு சிறிய வட்டங்கள், அவை பகுதிகள். எந்தக் கணக்கு வந்தாலும் முதல் கேள்வி "இதில் மொத்தம் எது?" என்பதுதான். 9 − ☐ = 4இல் 9 மேலே போகும், 4 கீழே ஒன்றில், கட்டம் கீழே இன்னொன்றில். ☐ − 4 = 5இல் கட்டம் மேலே போகும். வட்டங்களை நிரப்பிவிட்டால் கூட்டுவதா கழிப்பதா என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. 13 எழுதிய பிள்ளையிடம் "ஒன்பது பலகாரத்துல பதிமூணைச் சாப்பிட முடியுமா?" என்று கேட்டாலும் சிரித்துக்கொண்டே அழித்துவிடும், ஆனால் வட்டம் போட்டால்தான் அடுத்த முறை தவறாமல் இருக்கும்.

சனிக்கிழமை வகுப்பில் 9 − x = 4 கொடுத்தால், 13 என்றும் −5 என்றும் எழுதும் படிவம் 1 பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இதே மூன்று வட்டம்தான் போட்டுக் காட்டுகிறேன்.

"☐ + ☐ = 10க்கு 3ம் 7ம் எழுதினான், தப்புன்னு போட்டிருக்கு. பத்துதானே வருது?"

கூட்டல் சரி. ஆனால் ஒரு கணக்கில் ஒரே வடிவக் கட்டம் இரண்டு முறை வந்தால் இரண்டிலும் ஒரே எண்தான் இருக்க வேண்டும். அதனால் 5உம் 5உம். ☐ + △ = 10 என்று வேறு வேறு வடிவம் போட்டிருந்தால் 3உம் 7உம் சரி, 4உம் 6உம் சரி, 5உம் 5உம்கூடச் சரி. வடிவம் வேறானால் எண்ணும் வேறாகத்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

இந்த விதியைத் தாளில் எங்கும் எழுதியிருக்க மாட்டார்கள். பிள்ளை தானாக ஊகிக்கவும் முடியாது, நாம்தான் சொல்ல வேண்டும். அதனால் இதற்கு மதிப்பெண் குறைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் விதி தெரிந்தே ஆக வேண்டும். x + x = 10 என்று பின்னால் வரும்போது இரண்டு x-உம் ஒரே எண் என்பது இங்கே கற்றதுதான்.

"எப்படியும் பின்னால x வரப்போவுது. இப்பவே கட்டத்துக்குப் பதிலா x போட்டுக் குடுத்தா கெட்டிக்காரனாயிடுவான்ல?"

வேண்டாம். கட்டத்துக்குள் எழுத இடம் இருக்கிறது, அதனால் "இங்கே ஓர் எண் இருக்கிறது, நமக்கு இன்னும் தெரியவில்லை" என்பது பார்த்தாலே புரியும். x ஓர் எழுத்து. எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டிருக்கும் ஏழு வயதுப் பிள்ளை அதை ஓசையாகத்தான் பார்க்கும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. தாளில் சில இடங்களில் 3☐ என்று வரும், "முப்பத்து எத்தனை?" என்ற பொருளில். அங்கே கட்டம் ஒன்றின் இடத்து இலக்கம், 4 போட்டால் 34. படிவம் 1இல் 3x என்றால் மூன்று தடவை x, x = 4 ஆனால் 12. இந்த இரண்டையும் கலந்துவிட்டு 34 என்று எழுதும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அதனால் எழுத்துக்கு மாறும்போது மெதுவாக மாற வேண்டும்: முதலில் ☐ + ☐ + ☐ = 12, அப்புறம் 3 × ☐ = 12, பிறகு 3 × x = 12, கடைசியில்தான் 3x = 12.

"தமிழ்ப்பள்ளியில படிச்சிட்டு இடைநிலைப்பள்ளி போனா எல்லாம் மலாய்ல இருக்கும். இது அப்போ ஒத்து வருமா?"

வரும். மலாயில் = குறியை 'சாமா டெங்கான்' என்று படிப்பார்கள், சமன்பாட்டுக்குப் 'பெர்சாமாஆன்' என்று பெயர். அந்தச் சொல்லுக்குள் 'சாமா' இருப்பதைப் போலவே நம் சொல்லுக்குள் 'சமன்' இருக்கிறது. பிள்ளையிடம் இரண்டையும் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள். தெரியாத எண்ணைக் குறிக்கும் எழுத்துக்குப் 'பெம்போலே உபா' என்ற சொல் வரும். "கட்டத்துக்கு மலாயில் அதுதான் பேர்" என்று சொன்னால் போதும்.

"ஒரு நாளைக்கு எத்தனை செய்யச் சொல்லணும்?"

நான்கோ ஐந்தோ. ஆனால் கட்டம் ஒவ்வொன்றிலும் வேறு இடத்தில் இருக்க வேண்டும். எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் இருந்தால் மூன்றாவது வரியிலிருந்து பிள்ளை படிப்பதை நிறுத்திவிடும், கை மட்டும் ஓடும்.

"மூத்தவன் படிவம் 1. 'அந்தப் பக்கம் போனா குறி மாறும்'னு மனப்பாடம் பண்றான். அதுக்கும் இந்தக் கட்டத்துக்கும் என்ன சம்பந்தம் டீச்சர்?"

2x + 3 = 11ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2xஐ விரலால் மூடுங்கள். இப்போது தெரிவது ☐ + 3 = 11, உங்கள் இளையவளின் தாளில் இருக்கும் அதே வரி. மூடிய இடத்தில் 8 இருக்க வேண்டும். விரலை எடுங்கள்: 2x = 8. இரண்டு தடவை எது எட்டு? x = 4. திரும்பப் போட்டுப் பார்த்தால் 8 + 3 = 11. எதுவும் எந்தப் பக்கமும் போகவில்லை. 'போனா குறி மாறும்' என்று சொல்வது இரண்டு பக்கத்திலும் மூன்றைக் குறைத்ததைச் சுருக்கிச் சொல்வதுதான். ஏன் என்று தெரிந்தவன் அப்படிச் சொன்னால் பரவாயில்லை, தெரியாதவன் 9 − x = 4இல் மாட்டிக்கொள்வான்.

விரலால் மூடும் வழிக்கும் ஓர் எல்லை உண்டு. 5x = 2x + 12 வந்தால் எதை மூடுவது? தெரியாத எண் இரண்டு பக்கமும் இருக்கிறது. ஒரு பக்கத்தை மூடினால் அதற்கு என்ன மதிப்பு என்று சொல்ல மறுபக்கத்திலும் எண் இல்லை. இங்கேதான் பல பிள்ளைகள் நின்றுவிடுகிறார்கள். இங்கே உதவுவது ஹேங்கர்: இடது பக்கம் ஐந்து மூடிய பொட்டலம், வலது பக்கம் இரண்டு பொட்டலமும் 12 காசும், எல்லாப் பொட்டலத்திலும் ஒரே எண்ணிக்கை. இரண்டு பக்கத்திலிருந்தும் இரண்டிரண்டு பொட்டலத்தை எடுத்துவிட்டாலும் ஹேங்கர் நேராகவே நிற்கும். மிஞ்சியது மூன்று பொட்டலத்துக்கு 12 காசு, ஒன்றுக்கு 4.

உங்கள் மூத்தவனுக்கு இதை விளக்கிக்கொண்டிருந்த சனிக்கிழமை இளையவளும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்காக அதையே கட்டமாக எழுதினேன்:

☐ + ☐ + ☐ + ☐ + ☐ = ☐ + ☐ + 12

அவள் பென்சிலை எடுத்து இடது பக்கம் ஒரு கட்டத்தையும் வலது பக்கம் ஒரு கட்டத்தையும் அடித்தாள். இன்னொரு முறையும் அப்படியே அடித்தாள். வலது பக்கம் கட்டமே இல்லாமல் போனதும் நிறுத்தி, மிச்சமிருந்த மூன்று கட்டத்திலும் வரிசையாக 4, 4, 4 என்று எழுதினாள்.